வரிசையில் நிற்கும் சர்வர்

ஒரு சிறிய விற்பனைத் தளம் மாலை ஆறு மணிக்கு மேல் இழுக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் சட்டென்று திறந்த பக்கம் இப்போது சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிரலில் யாரும் கை வைக்கவில்லை. வருகிறவர்கள் கூட்டமும் வழக்கம்போலத்தான். டேட்டாபேஸ், மெமரி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. லாக் ஃபைலிலும் ஒரு பிழை இல்லை. இப்படிக் காரணம் அகப்படாத மந்தத்துக்கு, லினக்ஸில் `top` என்று தட்டினால் வரும் மூன்றாவது வரியின் கடைசி எண்ணை முதலில் பார்க்க வேண்டும்.

```
%Cpu(s): 58.0 us, 6.0 sy, 0.0 ni, 4.0 id, 0.0 wa, 0.0 hi, 1.0 si, 31.0 st
```

`us` என்பது நம் நிரல்கள் ஓடிய நேரம். `id` சும்மா இருந்த நேரம். கடைசியில் இருக்கும் `st`தான் ஸ்டீல் டைம்: கையில் வேலை இருந்தும், ஓடுவதற்கு நிஜமான சிபியு கிடைக்காமல் நம் சர்வர் காத்திருந்த நேரம். இங்கே அது 31 சதவீதம்.

மாத வாடகைக்கு நாம் எடுக்கும் சர்வர் பெரும்பாலும் முழு இயந்திரம் அல்ல. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் ஒரு பெரிய இயந்திரத்தைப் பல விர்ச்சுவல் மெஷின்களாகப் பங்கு போடுகிறது. கேவிஎம் முறையில், நமக்குக் கொடுத்த ஒவ்வொரு சிபியுவும் அந்த இயந்திரத்தில் ஓடும் ஒரு த்ரெட் மட்டுமே; மற்றவர்களுடைய த்ரெட்களோடு அதுவும் முறைக்குக் காத்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் கோர்களைவிட அதிகமான சிபியுக்களை விற்கும் நிறுவனங்கள் உண்டு. ஒரே மாடித்தொட்டியை நம்பி இருபது வீடு குடியிருப்பது போன்றது இது. பக்கத்து மெஷின் ஒன்று மணிக்கணக்கில் வீடியோவை மாற்றிக்கொண்டிருந்தால், நம் பங்கு குறைகிறது. அப்படிப்பட்டவரைத்தான் இந்தத் துறையில் ‘நாய்சி நெய்பர்’ என்கிறார்கள்.

31 சதவீதம் போனால் தளமும் அதே அளவுதானே மெதுவாகும் என்று தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒரு பக்கத்தைத் தயாரிக்க 200 மில்லிவினாடி சிபியு வேலை தேவை என்றால், ஒரு சிபியு வினாடிக்கு 5 பக்கங்கள் கொடுக்கும். வினாடிக்கு 4 பேர் கேட்டால் தாராளம். மூன்றில் ஒரு பங்கு பறிபோனதும் அதே சிபியுவால் சுமார் 3.4 பக்கங்கள்தான் கொடுக்க முடியும். வருகிறவர்களோ இன்னும் 4 பேர். ஒவ்வொரு வினாடியும் பாதிப் பேருக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம் நிற்க, ஒரு நிமிடத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். கடைசியில் வந்தவர் பத்து வினாடி காத்திருக்கிறார். தளம் செத்துவிட்டது என்று போன் வருவது இதனால்தான்.

`st` ஏறினாலே அக்கம்பக்கத்தைக் குறை சொல்லிவிடக் கூடாது. அமேசானின் `t2.micro` போன்ற மலிவான மெஷின்களுக்குச் சிபியு கிரெடிட் என்று ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 6 கிரெடிட் சேரும். ஒரு கிரெடிட்டுக்கு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடலாம். சேர்த்தது தீர்ந்துவிட்டால், வழக்கமான அமைப்பில் பத்து சதவீத வேகத்தோடு கட்டிப்போடுவார்கள். மீதி நேரமெல்லாம் `st` கணக்கில் விழும். இந்த இரண்டையும் பிரித்தறிய, எண்ணின் போக்கைப் பார்த்தால் போதும். `vmstat 5` ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்து மெஷினால் வரும் `st` ஏறி இறங்கும், சில மணி நேரம் காணாமலே போகும். கிரெடிட் தீர்ந்ததால் வருவது, வேலை இருக்கும்வரை உயரத்தில் அப்படியே நிற்கும். கிளவுட்வாட்சில் `CPUCreditBalance` சுழியத்தைத் தொட்டிருக்கும். அதற்கு மருந்து பெரிய மெஷின் அல்லது குறைந்த வேலை, இடமாற்றம் அல்ல.

உண்மையிலேயே அண்டை மெஷின்தான் காரணம் என்றால் ரீபூட் செய்து பயனில்லை. அமேசானில் அது பொதுவாக அதே இயந்திரத்தில்தான் திரும்ப எழும். முழுவதும் நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்கினால், பெரும்பாலும் வேறு இயந்திரத்துக்குப் போய்விடும். ஆனால் இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் வைத்த தரவு அழிந்துவிடும், நிலையான முகவரி வாங்கியிராவிட்டால் பொது ஐபி முகவரியும் மாறும். இரண்டையும் சரிபார்க்காமல் நிறுத்தாதீர்கள்.

`st` சுழியமாக இருப்பதாலேயே அண்டை மெஷின் குற்றமற்றது என்றும் ஆகாது. சிபியு நேரம் மட்டுமே அந்தக் கணக்கில் வரும். டிஸ்க், நெட்வொர்க், கோர்கள் பகிர்ந்துகொள்ளும் கேஷ் ஆகியவற்றில் நடக்கும் நெரிசல் அதில் தெரியாது. கேஷை இன்னொருவர் நிரப்பிவிட்டால் நம் நிரல் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தரவுக்காக மெமரி வரை போய் வருவதால் ஒவ்வொரு வேலையும் நீளும். இதைப் பிடிக்க, மாறாத ஒரு பெரிய ஃபைலை நல்ல நேரத்திலும் மந்தமான நேரத்திலும் இதே கட்டளையால் வரிசைப்படுத்திப் பாருங்கள்:

```
time sort data.txt > /dev/null
```

டிஸ்க்கின் தாமதம் கலக்காமல் இருக்க இரண்டாவது முறை வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். `st` சுழியமாகவே இருக்க, `user` நேரம் மட்டும் மாலையில் தொடர்ந்து கூடுகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது கேஷையும் மெமரியையும்தான். தேதி, நேரத்தோடு அந்த இரண்டு அளவுகளையும் வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கு அனுப்பி, வேறு இயந்திரம் கேளுங்கள்.