ஏப்ரல் 21 மறுபடியும் எப்போது உயிர்த்த ஞாயிறாக வரும்?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயங்களில் அன்று நடந்தவை காரணமாக அந்தத் திகதி எங்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆனால், உயிர்த்த ஞாயிறு ஒரே திகதியில் நிற்பதில்லை. 2024இல் அது மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. நினைவு நாள் ஒரு திகதியிலும் திருநாள் வேறொரு திகதியிலுமாக இரண்டு தடவை அந்த வலியைக் கடக்கவேண்டியுள்ளது. இரண்டும் மறுபடியும் எப்போது ஒன்றாக வரும் என்ற கேள்வி எனக்கு இருந்தது. விடையைக் காண ஒரு கல்குலேட்டர் போதும்.

விதி இதுதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதலாவது பூரணையை அடுத்து வரும் ஞாயிறே உயிர்த்த ஞாயிறு. பூரணையே ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், அதற்கடுத்த ஞாயிறு. இதனால்தான் மார்ச் 22க்கு முன்னரோ ஏப்ரல் 25க்குப் பின்னரோ அது வருவதில்லை.

இங்கே கவனிக்கவேண்டிய விடயம், திருச்சபை வானத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. வடக்கில் வசந்தம் தொடங்கும், இரவும் பகலும் சமமாகும் நாளை அது மார்ச் 21 என்று நிரந்தரமாக வைத்துக்கொண்டது. பூரணையையும் ஓர் அட்டவணைப்படியே கணிக்கிறது. அதனால் அந்தப் பூரணை எங்கள் போயா தினத்திலிருந்து ஒரு நாள் முன்பின்னாக விலகலாம்.

அந்த அட்டவணையின் அடிப்படை 19 வருடச் சுழற்சி. 12 பூரணைகளுக்கு 354 நாட்கள், வருடத்துக்கு 365. ஆகவே பூரணை ஒவ்வொரு வருடமும் 11 நாட்கள் முன்னால் வரும். அப்படி மார்ச் 21ஐத் தாண்டி முன்னால் போய்விட்டால், 30 நாட்கள் கூட்டி அடுத்த பூரணையை எடுக்கவேண்டும். 11ஐக் கழித்து 30ஐக் கூட்டுவதும் 19ஐக் கூட்டுவதும் ஒன்றுதான். 19 வருடங்களின் பின் பூரணைகள் ஏறத்தாழ அதே திகதிகளுக்குத் திரும்பிவிடுகின்றன.

2026ஐ எடுத்துப் பார்ப்போம். 2026ஐ 19ஆல் வகுத்தால் மீதி 12. அந்த 12ஐ 19ஆல் பெருக்கினால் 228. அதோடு 24ஐக் கூட்டினால் 252. இதை 30ஆல் வகுத்தால் மீதி 12. மார்ச் 21இலிருந்து 12 நாட்கள் தள்ளிப்போனால் ஏப்ரல் 2, வியாழக்கிழமை. அடுத்த ஞாயிறு ஏப்ரல் 5. அதுவே உயிர்த்த ஞாயிறு. பெரிய வெள்ளி ஏப்ரல் 3. இந்த 24 என்ற எண் 1900 முதல் 2199 வரைக்குமே பொருந்தும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கடைசி மீதி 29 என்று வந்தால் 28 என எடுக்கவேண்டும். அது 28 என்று வந்து, 19ஆல் வகுத்த மீதி 10ஐ விட அதிகமாக இருந்தால், 27 என எடுக்கவேண்டும்.

2019க்கு அந்த முதல் விதிவிலக்கே தேவைப்படுகிறது. 2019ஐ 19ஆல் வகுத்தால் மீதி 5. அதை 19ஆல் பெருக்கி 24ஐக் கூட்டினால் 119. 30ஆல் வகுத்தால் மீதி 29; எனவே 28. மார்ச் 21இலிருந்து 28 நாட்கள் தள்ளினால் ஏப்ரல் 18, வியாழன். அடுத்த ஞாயிறு ஏப்ரல் 21. எங்கள் போயா அதற்கடுத்த நாள், பெரிய வெள்ளியன்று வந்தது.

அதே வருடம் வானம் வேறொன்றைச் சொன்னது. இலங்கை நேரப்படி மார்ச் 21 அதிகாலை மூன்றரை மணியளவில் இரவும் பகலும் சமமாகும் கணம் வந்தது. நான்கு மணித்தியாலம் கூடக் கழியுமுன், காலை ஏழேகால் மணியளவில் சந்திரன் முழுமையடைந்தது. வானப்படி பார்த்திருந்தால் உயிர்த்த ஞாயிறு மார்ச் 24. ஆனால், திருச்சபை அட்டவணையில் அந்தப் பூரணை மார்ச் 20க்குரியது. ஒரு நாள் முந்திவிட்டதால் அது கணக்கில் சேரவில்லை. அடுத்த பூரணைக்குப் போகவேண்டியதாயிற்று. அன்று கொண்டாடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பதில் பயனில்லை. திகதியைத் தீர்மானித்தது பழைய அட்டவணை. தாக்குதலைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்.

போயாவை வைத்தே உயிர்த்த ஞாயிறைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் பிழைவிடும் இடமும் இதுதான். பெரும்பாலான வருடங்களில் அது சரிவரும். பூரணை மார்ச் 21ஐ ஒட்டியோ, சனி ஞாயிறை ஒட்டியோ வந்தால் மட்டும் அட்டவணைக் கணக்கையே நம்பவேண்டும்.

இனி நான் தேடிய விடை. 2030ஐ 19ஆல் வகுத்தால் மீதி 16. அதை 19ஆல் பெருக்கி 24ஐக் கூட்டினால் 328. 30ஆல் வகுத்தால் மீதி 28. 16 என்பது 10ஐ விட அதிகம் என்பதால் 27 என எடுக்கிறோம். பூரணை ஏப்ரல் 17, புதன்கிழமை. அடுத்த ஞாயிறு ஏப்ரல் 21.

2019க்குப் பின் நினைவு நாளும் திருநாளும் ஒன்றாக வரும் முதல் வருடம் 2030.