ஓபலுக்குள் இருக்கும் தண்ணீர்

சுக்கிரனுக்கு வைரம் வாங்க முடியாதவர்கள் ஓபல் மோதிரம் போட்டுக்கொள்வது நம்மிடம் உள்ள வழக்கம். வாங்கிய கல்லைப் பாலில் ஊறவைத்து எடுத்து, நல்ல நாள் பார்த்து விரலில் போடச் சொல்வார்கள். வைரத்துக்கோ மாணிக்கத்துக்கோ அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஓபலை, அதிலும் இன்று கடைகளில் நிறையக் கிடைக்கும் எத்தியோப்பிய ஓபலை, பாலில் போடவே கூடாது.

வைரம் போல ஓபல் படிகமாக இறுகிய கல் அல்ல. கண்ணுக்கே தெரியாத சிலிக்கா உருண்டைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவானது. அந்த உருண்டைகள் ஒரே அளவில், ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் கல்லைத் திருப்பத் திருப்பச் சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறி மின்னும். 1964-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள். உருண்டைகளின் இடுக்குகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது. பொதுவாகக் கல்லின் எடையில் 3 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர்தான்.

வறண்ட சூட்டில் ஓபல் வெடிப்பதற்கு இந்தத் தண்ணீரே காரணம். ஜன்னலோர வெயிலிலோ, கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் விளக்கின் கீழோ கல் கிடந்தால், மேற்பரப்பில் உள்ள ஈரம் முதலில் வெளியேறும். மேல்தோல் சுருங்கப் பார்க்கும். உள்பகுதி இன்னும் ஈரத்தோடு இருப்பதால் அதற்கு இடம் கொடுக்காது. இந்த இழுபறியில் மேல்தோல் கிழிகிறது. ஏரி வற்றும்போது களிமண் பாளம் பாளமாக வெடிப்பதும் இப்படித்தான். ஈரம் வெளியேறும் வேகம்தான் இதில் முக்கியம். மெல்ல உலர்ந்தால் தாக்குப்பிடிக்கும் கல்லே, சட்டென்று சூடேறினால் வெடித்துவிடும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க, கல்லை நன்றாக உலரவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் தெரியும். நகத்தால் தடவினால் பல சமயம் தட்டுப்படாது. ஈரக் கல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இடுக்கில் தண்ணீர் நிறைந்திருந்தால் கோடு மறைந்துவிடும், உலர்ந்ததும் திரும்ப வரும். விழுந்த வெடிப்பைத் தண்ணீரோ எண்ணெயோ ஒட்டவைக்காது.

எல்லா ஓபலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி, லைட்னிங் ரிட்ஜ் சுரங்கங்களில் கிடைக்கும் கல் பொதுவாக நிலையானது. வெளித்தண்ணீரை அது ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. எத்தியோப்பியாவின் ஷேவா பகுதியில் 1990-களில் கிடைத்த கற்கள் வெடித்து வெடித்தே கெட்ட பெயர் வாங்கின. 2008-ல் அதே நாட்டின் வெல்லோ பகுதியில் வேறொரு படிவம் கிடைத்தது. இந்தக் கல் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை, ஆனால் தண்ணீரைக் குடிக்கிறது. நாக்கு நுனியில் வைத்தால் லேசாக ஒட்டும். தண்ணீரில் போட்டால் கண்ணாடிபோலத் தெளிந்து, வண்ணம் மங்கிப்போகும். எடையும் கூடும், 2 காரட் கல் 2.2 காரட் வரைகூடக் காட்டலாம். பதற வேண்டாம், உலர்ந்தால் வண்ணம் திரும்பிவிடும், சிலசமயம் சில நாள் பிடிக்கும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்டுவதுதான் ஆபத்து. துணியால் ஒற்றி, நிழலில் விட்டுவிடுங்கள். தண்ணீர் போய்விடும், பாலின் கொழுப்பும் மஞ்சளும் எண்ணெயும் வாசனைத் திரவியமும் அப்படிப் போகாது. உள்ளேயே தங்கிக் கல்லை மஞ்சளடிக்க வைக்கும்.

பத்திரப்படுத்துவது பற்றிப் பலரும் சொல்லும் யோசனை, ஓபலைத் தண்ணீரில் போட்டு வை என்பது. ஆஸ்திரேலியக் கல்லுக்கு அதனால் பயனில்லை. வெல்லோ கல்லுக்கு மேலே சொன்ன தொல்லைகள். மெல்லிய ஓபல் தகட்டை வேறு கல்லின்மேல் ஒட்டிச் செய்யும் டப்ளெட், டிரிப்ளெட் வகைகளில் நீர் புகுந்து பசை விட்டுப்போய், விளிம்பிலிருந்து வெண்மூட்டமாகப் பரவும். மென்மையான துணிப்பையில், தனியாக, அலமாரியில் வைத்தாலே வீட்டுக்குப் போதும். மற்ற நகைகளோடு போட்டால் கீறும், ஓபல் அவ்வளவு கடினமல்ல. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சவே வைக்கப்படுவது. வங்கி லாக்கரில் காற்று மிகவும் வறண்டிருக்கலாம். ஒட்டு இல்லாத ஆஸ்திரேலியக் கல்லை அங்கே மாதக்கணக்கில் வைப்பதானால், பஞ்சில் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, கல்லோடு ஜிப் கவரில் மூடி வைக்கலாம். வெல்லோ கல்லுக்கு ஈரப் பஞ்சு வேண்டாம். மூடிய கவர் போதும்.

மோதிரத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ ஆசாரியிடம் கொடுக்கும்போது, இது ஓபல் என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். கல்லைக் கழற்றிய பிறகுதான் பற்றவைக்க வேண்டும். அழுக்கெடுக்க அல்ட்ராசோனிக் இயந்திரத்திலோ நீராவியிலோ போடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைத்துத் தந்தால் போதும்.