பங்குச் சந்தையின் உட்கணக்கு – 7: திங்களன்று கிரயம், செவ்வாயன்று பாத்தியதை

கெங்கவல்லியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை 11 மணிக்கு, தம் கைபேசியின் மூலமாக ஸெயில் நிறுவனத்தின் பங்குகள் 100-ஐ, பங்கு ஒன்றுக்கு 120 ரூபாய் வீதம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலை கணக்குக்காகச் சொல்லப்படுவதே அன்றிச் சந்தை நிலவரம் அன்று. சேலம் உருக்காலை அந்த நிறுவனத்தின் ஓர் அங்கமாதலால், நம் ஜில்லாவைச் சேர்ந்தவர் அதன் பங்கை நாடுவது இயல்பே. பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் வியாபாரம் முடிந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. 12,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட சில்லறைக் கட்டணங்களும் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆயினும் டிமாட் கணக்கைத் திறந்து பார்த்தால் பங்கு அங்கே இல்லை. தரகரின் செயலியில் மட்டும், வாங்கிய பங்கின் அருகே T1 என்றோ, அதுபோன்ற வேறொன்றோ ஒரு குறி காணப்படுகிறது. செவ்வாய்க்கிழமை பிற்பகலுக்குப் பிறகே அந்தக் குறி மறைந்து, பங்கு அவர் பெயரில் வந்து சேர்கிறது. நொடிக்குள் முடிந்த வியாபாரத்திற்கு ஒரு நாள் தாமதம் எதற்காக என்பதே இந்த வாரம் நாம் ஆராய வேண்டிய விஷயம்.

நிலம் வாங்குகிறவன் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொண்ட நாளிலேயே நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவதில்லை. சார்பதிவாளர் முன்னிலையில் பத்திரம் பதிவாகிப் பணமும் கைமாறிய பிறகே பாத்தியதை முழுமை பெறுகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். திங்களன்று சந்தையில் நடந்தது அந்த ஒப்பந்தமே. பதிவு நடப்பது செவ்வாயன்று. ஆனால் நிலத்தை விற்பவனும் வாங்குபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசி முடித்திருப்பார்கள். இங்கோ நம் ஆசிரியருக்குத் தம் 100 பங்குகளை விற்றவர் யாரென்று தெரியாது. அவர் மும்பையில் இருக்கலாம், சிங்கப்பூரில் உள்ள ஒரு நிதி ஸ்தாபனமாகவும் இருக்கலாம், அல்லது 60 பங்கு ஒருவரிடமிருந்தும் 40 பங்கு மற்றொருவரிடமிருந்தும் வந்திருக்கலாம். முகம் அறியாத இருவரில் யார் முதலில் கொடுப்பது, கொடுத்தவன் ஏமாந்துபோகாமல் இருப்பதற்கு யார் ஜாமீன் என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்த பிறகுதான் பங்குச் சந்தை என்ற ஏற்பாடே பெரிய அளவில் சாத்தியமாயிற்று.

அந்த விடைக்குப் பெயர் கிளியரிங் கார்ப்பரேஷன். தமிழில் அதைத் தீர்வு நிறுவனம் என்போம். 1994-ல் வியாபாரத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, அதற்கு மறு ஆண்டிலேயே இதற்கென்று தனி ஸ்தாபனம் ஒன்றை நிறுவிற்று. 1996 முதல் அது தீர்வுப் பொறுப்பை மேற்கொண்டது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே ஏற்பட்ட ஒரே ஒப்பந்தத்தை இந்த நிறுவனம் இரண்டாக்கி, விற்றவரைப் பொறுத்தவரையில் தானே வாங்கியவராகவும், வாங்கியவரைப் பொறுத்தவரையில் தானே விற்றவராகவும் நின்றுகொள்கிறது. ஆகவே நம் ஆசிரியருக்கு 100 பங்கு கொடுக்கக் கடமைப்பட்டவர் அந்த முகம் அறியாத ஆசாமி அல்லர், தீர்வு நிறுவனமே. அந்த ஆசாமி ஓடிப்போனாலும், அவருடைய தரகர் திவாலானாலும், ஆசிரியரின் கோரிக்கை கெடுவதில்லை.

திங்கள் பிற்பகல் 3.30 மணிக்குச் சந்தை முடிந்ததும் இந்த நிறுவனத்தின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. அன்று நடந்த வியாபாரங்கள் எத்தனை லட்சமாக இருந்தபோதிலும், அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவது அதன் நோக்கமன்று. கொடுக்கவேண்டியதையும் வாங்கவேண்டியதையும் ஒன்றுக்கொன்று கழித்து, மிஞ்சுவதை மட்டும் நிறைவேற்றுவதே அதன் நோக்கம். காலையில் 500 பங்கு வாங்கி மாலைக்குள் அதே 500-ஐ விற்றுவிட்டவர் பங்கு எதையும் கொண்டுவர வேண்டியதில்லை; லாபமோ நஷ்டமோ, விலை வித்தியாசம் ஒன்றே அவருடைய பாக்கி. பணத்தைப் பொறுத்தவரையில் இந்தக் கழிப்பு இன்னும் விரிவானது: ஒரு தரகரின் வாடிக்கையாளர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அன்று 50 கோடி ரூபாய்க்கு வாங்கி, 49 கோடி ரூபாய்க்கு விற்றிருந்தால், அந்தத் தரகர் செலுத்த வேண்டியது 50 கோடி அன்று, 1 கோடியே. ஒவ்வொரு வியாபாரமும் அந்தந்த நொடியிலேயே முழுப் பணத்துடன் தீரவேண்டும் என்று விதித்திருந்தால், அவர் 50 கோடியையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும். தாமதம் என்று நாம் நினைக்கும் அந்த ஓர் இரவு, இந்தப் பெருந்தொகையை முடங்காமல் விடுவிக்கிறது என்பதே அதன் முதல் நியாயம்.

அன்று மாலையே ஒவ்வொரு தரகருக்கும் அவருடைய பாக்கிப் பட்டியல் போய்ச் சேர்கிறது. மறுநாள் காலை, சந்தையில் பே-இன் என்று சொல்லப்படும் செலுத்துகை நடக்கிறது: விற்றவர்களின் பங்குகள் தீர்வு நிறுவனத்தின் கணக்குக்கும், வாங்கியவர்களின் பணம் தீர்வு வங்கிகளின் வழியாக அதே நிறுவனத்துக்கும் வந்து சேரவேண்டும். இரண்டும் வந்த பிறகே பிற்பகலில் பே-அவுட், அதாவது வழங்கல். பணம் ஒரு பக்கமும் பங்கு மறுபக்கமும் போகின்றன. ஒன்றைப் பெறாமல் மற்றொன்றை வெளியே விடுவதில்லை என்ற இந்த நியதியே முழு ஏற்பாட்டுக்கும் அஸ்திவாரம். முன்பெல்லாம் வழங்கப்பட்ட பங்கு முதலில் தரகரின் பொதுக் கணக்குக்குப் போய், அங்கிருந்து வாடிக்கையாளருக்குப் போகும். வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துத் தரகு நிறுவனமே கடன் வாங்கியது 2019-ல் கார்வி விவகாரத்தில் வெளிப்பட்டது. அதன் பிறகு விதிகள் படிப்படியாக இறுகி, 2024 இறுதியிலிருந்து பங்கு நேராகவே வாங்கியவரின் டிமாட் கணக்கில் சேர்க்கப்படுகிறது. சிறு முதலீட்டாளர்களுக்கு அண்மையில் கிடைத்த பாதுகாப்புகளில் இதையே நான் மிகவும் மதிக்கிறேன்.

காலம் உதவி செய்வது ஒருபுறமிருக்க, அது அபாயத்தையும் வளர்க்கிறது. ஆசிரியர் வாங்கிய பங்கு செவ்வாய் காலைக்குள் 110 ரூபாய்க்கு இறங்கி, வாங்கிய பலர் பணம் கட்டாமல் கைவிரித்தால், தீர்வு நிறுவனம் விற்றவருக்கு 120 ரூபாய் கொடுத்தே ஆகவேண்டும். கையில் வந்த பங்கை 110-க்கு விற்றால் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் நஷ்டம். இதற்காகவே வியாபாரத்துக்கு முன்பே மார்ஜின் என்னும் முன்பணம் பெறப்படுகிறது. அது போதாவிடில் கைகொடுக்கத் தீர்வு உத்தரவாத நிதி ஒன்றும் உண்டு. தீர்வுக்கு எத்தனை நாள் ஆகிறதோ அத்தனைக்கத்தனை விலை மாறுவதற்கு அவகாசம். அவகாசம் நீள நீள முன்பணமும் பெருக வேண்டும். 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில், கேம்ஸ்டாப் என்ற பங்கின் விலை வெறிபிடித்தாற்போல் ஏறியபோது, அந்நாட்டுத் தீர்வு நிறுவனம் ராபின்ஹூட் என்ற தரகரிடம் அதிகாலையில் கேட்ட தொகை ஏறக்குறைய 300 கோடி டாலர். பிறகு அது குறைக்கப்பட்டது. எனினும் தரகர் அந்தப் பங்கை வாங்குவதை நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. அப்போது அங்கே தீர்வுக்கு இரண்டு நாள் வேண்டியிருந்தது. 2024 மே 28-ல் அவர்களும் ஒரு நாளுக்கு வந்தார்கள்.

அந்த விஷயத்தில் நம் நாடு அவர்களுக்கு முந்தியது. காகிதப் பங்குப் பத்திரங்கள் வழங்கிய காலத்தில், விற்றவர் மாற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம் தரகர்கள் பலரின் கை மாறி, கம்பெனியின் பதிவேட்டுக்குப் போய், கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மாதக்கணக்கில் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. 1996-ல் டெபாசிட்டரி சட்டம் வந்து, பங்கு காகிதத்தை விட்டு மின்கணக்குக்கு மாறிய பிறகே நாட்களைக் குறைக்க வழி பிறந்தது. அதுவரை வாரம் முழுவதும் நடந்த வியாபாரத்தை ஒருங்கே தீர்க்கும் முறை இருந்தது. அது ஒழிந்து, 2001-ல் ஐந்து நாள் என்றும், 2002 ஏப்ரலில் மூன்று நாள் என்றும், 2003 ஏப்ரலில் இரண்டு நாள் என்றும் குறைந்து, 2022 பிப்ரவரியில் தொடங்கிய மாற்றம் 2023 ஜனவரி 27-ல் முற்றுப்பெற்றபோது எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாள் என்றாயிற்று. அந்நிய முதலீட்டாளர்கள் அப்போது தயங்கினார்கள். நியூயார்க்கில் பொழுது விடிவதற்குள் இங்கே பணம் செலுத்தும் நேரம் கடந்துவிடுமாதலால், டாலரை ரூபாயாக்கும் வேலையை அவர்கள் முன்கூட்டியே முடிக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச் 28-ல் அன்றைக்கன்றே தீர்க்கும் வழியும் 25 பங்குகளுடன் பரீட்சார்த்தமாகத் திறக்கப்பட்டது; ஆனால் பணமும் பங்கும் முன்னதாகவே கையில் இருந்தாக வேண்டிய அந்த வழியை எல்லோரும் நாடுவார்கள் என்று நான் எண்ணவில்லை.

இனி, பங்கு வராமற்போகும் சந்தர்ப்பத்தைப் பார்ப்போம். விற்பவர் தம்மிடம் இல்லாத பங்கை விற்றுவிட்டு, அன்றைக்குள் திரும்ப வாங்க முடியாமற்போனால், செவ்வாய் காலைச் செலுத்துகையில் குறை விழுகிறது. தீர்வு நிறுவனம் அன்று பிற்பகலிலேயே அந்தப் பங்கை ஏலத்தின் வழியாக வெளியிலிருந்து வாங்கி, புதன்கிழமை வாங்கியவருக்குக் கொடுக்கிறது. விலை வித்தியாசத்தைத் தவறிய தரப்பே ஏற்கவேண்டும். ஏலத்திலும் பங்கு கிடைக்காவிடில், வியாபாரம் நடந்த நாளிலிருந்து ஏல நாள்வரை எட்டிய உச்ச விலை, அல்லது ஏல நாளின் முடிவு விலைக்கு மேல் 20 சதவீதம், இவற்றுள் அதிகமானது பணமாகவே தரப்படும். ஆகவே செவ்வாய் மாலை டிமாட் கணக்கில் பங்கைக் காணாத நம் ஆசிரியர் முதலில் செய்யவேண்டியது, குறை விழுந்து ஏலத்துக்குப் போயிருக்கிறதா என்று தரகரைக் கேட்பதே.

இதனினும் வம்பான ஒரு நிலைமை உண்டு. விலை ஏறிவிட்டதைக் கண்டு, பங்கு வந்து சேர்வதற்கு முன்பே ஆசிரியர் செவ்வாய் காலை அதை விற்றுவிடுகிறார் என்று கொள்வோம். இப்படி விற்பதைத் தரகர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். அவருக்குத் திங்களன்று விற்றவர் தவறினால், செவ்வாய் விற்பனைக்கு ஆசிரியர் புதன் காலை பங்கைச் செலுத்த இயலாமற்போகலாம். தம் பிழை ஏதுமின்றியே அவரும் ஏலத்துக்கு உள்ளாகி நஷ்டப்படலாம். தினமும் பெருமளவில் விற்பனையாகும் பங்குகளில் இது அபூர்வம். மெலிந்த சிறு பங்குகளில் அப்படி அன்று. அத்தகைய பங்கைக் கையில் வருமுன் விற்கலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

பங்கு யாருடையது என்ற கேள்வி பணமாக முகம் காட்டும் இடம் டிவிடெண்டு. அந்தப் பங்குக்குப் பதிவு நாள் புதன்கிழமை என்று கம்பெனி அறிவித்திருந்தால், புதன் மாலை டெபாசிட்டரிக் கணக்கில் பெயர் இருப்பவருக்கே லாபப் பங்கு. செவ்வாயன்று வாங்கியவருக்குப் புதன் பிற்பகலில் பங்கு வந்துவிடுமாதலால் அவருக்கு உரிமை உண்டு; புதனன்று வாங்கியவருக்கு வியாழனன்றுதான் வரும், ஆகவே உரிமை இல்லை. இந்தக் காரணத்தாலேயே, பதிவு நாளன்று காலை சந்தை திறக்கும்போது டிவிடெண்டு நீங்கிய விலையில் வியாபாரம் தொடங்குகிறது. வாங்கிய நாளுக்கு மறுநாள் வங்கி விடுமுறையாக இருந்தால் தீர்வு நாளும் தள்ளிப்போகும். வருஷாந்தரக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் மூடியிருக்கும் ஏப்ரல் 1-ல் சந்தை நடந்தாலும் தீர்வு நடப்பதில்லை. டிவிடெண்டை உத்தேசித்து வாங்குகிறவர் வியாபார விடுமுறைப் பட்டியலோடு தீர்வு விடுமுறைப் பட்டியலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சந்தை தன் இணையதளத்தில் தனித்தனியே வெளியிடுகிறது.

(தொடரும்)