ஒரே பேருரையா? அரஃபாவிலும் மினாவிலும் பேசியது ராஜபாளையத்து வீட்டுப் பத்திரம் வரை வந்த கதை தெரியுமா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு முஸ்லிம் வீட்டின் முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட 'நபிகள் நாயகத்தின் இறுதிப் பேருரை'யைப் பார்த்திருப்பீர்கள். பக்ரீத் நெருங்கினால் ஜும்ஆ பயானிலும் அதைக் கேட்கலாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அழகான உரை. ஆனால் அந்த ஒரு பக்கம் அப்படியே ஒரே மூச்சில் பேசப்பட்டதல்ல என்பது தெரியுமா? மூன்று வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு இடங்களில் பேசியதை வெவ்வேறு பேர் கேட்டு, வெவ்வேறு ஊர்களில் சொல்லி, வெவ்வேறு நூல்களில் பதிவானதைப் பிற்காலத்தில் ஒன்றாகத் தொகுத்ததுதான் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது!

முதல் நாள் ஹிஜ்ரி 10, துல்ஹஜ் 9, வெள்ளிக்கிழமை. நம் கணக்கில் கி.பி. 632 மார்ச். அரஃபாவை ஒட்டிய உரனா பள்ளத்தாக்கில், கஸ்வா என்ற தம் ஒட்டகத்தின் மீது அமர்ந்து நபிகள் (ஸல்) பேசினார்கள். அன்றைய பேச்சை நமக்குத் தந்தவர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி). அவர் சொன்ன சூழலைக் கேளுங்கள். ஜாபிருக்கு வயதாகிக் கண்பார்வை போயிருந்த காலம். நபிகளின் குடும்பத்து வாரிசான இளைஞர் முஹம்மது அல்பாகிர் அவரைப் பார்க்க வருகிறார். 'யார் வந்திருக்கிறீர்கள்' என்று ஒவ்வொருவராக விசாரித்த கிழவர், இவர் யாரென்று தெரிந்ததும் இவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் கை வைத்து, 'என்ன வேண்டுமோ கேள்' என்கிறார். இளைஞர் கேட்டது அந்த ஹஜ்ஜைப் பற்றி. கிழவர் விரல்களை மடக்கி ஒன்பது காட்டி, 'ஒன்பது ஆண்டுகள் நபியவர்கள் மதீனாவில் ஹஜ் செய்யாமல் இருந்தார்கள்' என்று தொடங்குகிறார். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கும் அந்த நீண்ட ஹதீஸ், ஹஜ் எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இன்றும் சட்ட அறிஞர்களின் அடிப்படை ஆதாரம்!

அதில் ஒரு வரியைக் கவனியுங்கள். அறியாமைக் காலத்துப் பழிக்குப் பழி எல்லாம் ரத்து. முதலில் ரத்தாவது நபிகளின் சொந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய ரத்தப் பழி, அதாவது பெரியப்பா மகன் ரபீஆவின் மகனுக்காக ஹுதைல் கூட்டத்தார் மீது இருந்தது. வட்டியும் ரத்து, அதிலும் முதலில் ரத்தாவது சொந்தச் சிற்றப்பா அப்பாஸுக்கு வர வேண்டிய வட்டி. சட்டம் தன் வீட்டிலிருந்து தொடங்கியது என்று வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுவது இந்த இரண்டையும்தான்.

மறுநாள் மினாவில். இது அபூபக்ரா (ரலி) சொன்னது, புகாரியில் இருக்கிறது. 'இது எந்த மாதம்?' என்று நபிகள் கேட்கிறார்கள். யாருக்குத் தெரியாது? ஆனாலும் 'அல்லாஹ்வும் அவனுடைய தூதருமே நன்கறிவார்கள்' என்கிறார்கள். நபிகள் மௌனமாக இருந்த நேரத்தைப் பார்த்து, மாதத்துக்கு வேறு பெயர் வைக்கப் போகிறார்களோ என்று நினைத்துவிட்டோம் என்கிறார் அபூபக்ரா. அப்படியே ஊரைக் கேட்டு, நாளைக் கேட்டு, மூன்றும் எவ்வளவு புனிதமோ அவ்வளவு புனிதம் உங்கள் உயிரும் பொருளும் மானமும் என்று முடிக்கிறார்கள். இங்கே வந்திருப்பவர் வராதவருக்குச் சொல்லட்டும், கேட்டவரைவிடக் கேள்விப்பட்டவர் நன்றாகக் காத்துவைக்கக்கூடும் என்ற கட்டளையும் இதே உரையில்தான். இத்தனை அறிவிப்புகள் கிளைத்ததற்கு அதுவே வேர்.

இனி வருவதைக் கேட்டால் வியந்துபோவீர்கள். அரபிக்கு அரபியல்லாதவரைவிட உயர்வில்லை, வெள்ளையருக்குக் கருப்பரைவிட உயர்வில்லை, இறையச்சம் ஒன்றே அளவுகோல் என்ற வரி உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறதல்லவா? அது அரஃபாவின் ஜாபிர் ஹதீஸில் இல்லை! இமாம் அஹ்மதின் முஸ்னதில், தியாகத் திருநாளுக்குப் பிந்திய தஷ்ரீக் நாட்களின் நடுவில் பேசியதாக அபூ நள்ரா என்பவர் வழியாக வருகிறது. அவருக்குச் சொன்ன நபித்தோழர் யார்? பெயரே இல்லை. 'அந்த உரையைக் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்னார்' என்பதோடு சரி. மற்ற இடங்களில் பெயர் தெரியாத அறிவிப்பாளர் வந்தால் தொடர் பலவீனமாகிவிடும். ஆனால் நபித்தோழர்கள் அனைவரும் நம்பகமானவர்கள் என்பது ஸுன்னி ஹதீஸ் கலையின் விதி. அதனால் தோழரின் பெயர் விடுபட்டாலும் குறையாகாது. மனித சமத்துவத்தின் மிகப் பெரிய வாக்கியம், பெயர் தெரியாத ஒரு மனிதரின் நாவால் நம்மிடம் வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

'உங்களிடம் விட்டுச் செல்கிறேன்' என்ற வரியிலும் இப்படித்தான். முஸ்லிமில் உள்ள ஜாபிரின் அறிவிப்பில் விட்டுச் செல்வது அல்லாஹ்வின் வேதம் மட்டும். இமாம் மாலிக்கின் முவத்தாவில் வேதமும் நபிவழியும். அங்கே முழுத் தொடர் இல்லை. திர்மிதியில் வேதமும் என் குடும்பத்தாரும். ஸுன்னிகளும் ஷியாக்களும் எதை அழுத்திச் சொல்கிறார்கள் என்பது இந்த இடத்தில் பிரிகிறது. ஆகவே சுவரில் தொங்கும் உரையில் எந்த வடிவம் இருக்கிறது என்று பார்த்தாலே, தொகுத்தவர் எந்த நூலின் பக்கம் சாய்ந்தார் என்று சொல்லிவிடலாம்.

தமிழில் தேடுபவர்களுக்கும் ஒரு செய்தி. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5027 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம். ஆனால் நபிகளின் வாழ்வு முழுவதையும் அது சொல்வதில்லை. விடைபெறும் ஹஜ் வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து பாட முன்வந்தவர் பனீ அகமது மரைக்காயர். அந்த நூலின் பெயர் சின்னச் சீறா.

சரி, இந்த உரையின் ஒரு வரி இன்றைக்கும் ராஜபாளையத்தில் ஒரு வீடு யாருக்குப் போகும் என்று முடிவு செய்கிறது என்றால் நம்புவீர்களா? அந்த வரி: உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் அவரவர் உரிமையைக் கொடுத்துவிட்டான், ஆகவே வாரிசுக்கு வஸிய்யத் கிடையாது.

இதைக் கேட்டவர்களில் ஒருவர் அம்ர் பின் காரிஜா (ரலி). நபிகள் ஒட்டகத்தின் மேல். இவர் அதன் கழுத்துக்கு நேர் கீழே. ஒட்டகம் அசைபோட்டுக்கொண்டிருந்தது, அதன் எச்சில் என் இரு தோள்களுக்கு நடுவே வழிந்துகொண்டிருந்தது என்கிறார்! இதைவிடக் கிட்டத்தில் நின்று ஒரு சட்டத்தைக் கேட்டவர் உண்டா? இன்னொருவர் அபூ உமாமா (ரலி). விடைபெறும் ஹஜ் உரையில் கேட்டதாகவே சொல்கிறார். இரவல் பொருளைத் திருப்பித் தர வேண்டும், கடனை அடைக்க வேண்டும், ஜாமீன் நின்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பவையும் அவர் வழியாகத்தான் வருகின்றன.

ஆனால் அறிஞர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. சிக்கல் பெரியது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், பெற்றோருக்கும் உறவினருக்கும் வஸிய்யத் செய்யச் சொல்கிறது. நான்காம் அத்தியாயம் அவர்களுக்கே பங்குகளை நிர்ணயிக்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்குமா, ஒன்று மற்றதை மாற்றியதா? இமாம் ஷாஃபிஈ தம் ரிஸாலாவில் இதை எடுத்துக்கொள்கிறார். ஷாம் நாட்டார் சொல்லும் தொடரில் யாரென்று அறியப்படாதவர்கள் இருக்கிறார்கள், அது மட்டும் போதாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறார். பிறகு ஏன் ஏற்றார்? தாம் சந்தித்த ஃபத்வா வழங்குவோரும் போர் வரலாறு அறிந்தோரும் இதில் கருத்து வேறுபடவே இல்லை. ஒரு கூட்டமே இன்னொரு கூட்டத்துக்குக் கடத்திய செய்தி, தனி ஒருவர் சொல்வதைவிட வலுவானது என்கிறார். இன்னொரு விந்தை: அவர் கேட்டபடி நபிகள் இதைச் சொன்னது மக்கா வெற்றி ஆண்டில்! அதாவது விடைபெறும் ஹஜ்ஜுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன். நாள் பற்றி இரண்டு சொல் இருக்கிறது; விதியில் இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராஜபாளையத்தில் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த ஒரு அத்தா இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் போக 20 லட்ச ரூபாய் மதிப்புள்ள வீடும், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 20 லட்ச ரூபாய் மாந்தோப்பும் மிச்சம். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். கடைசி வரை பார்த்துக்கொண்ட இளைய மகனுக்கு வீடு என்று உயில் எழுதிப் பதிவும் செய்துவிட்டார். செல்லுமா?

மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் செல்லாது. பதிவு அலுவலக முத்திரை இந்த விதியை மாற்றாது. அப்போது மொத்தம் 40 லட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 5 லட்சம். மீதி 35 லட்சத்தை ஐந்து கூறாக்கி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று: மகன்களுக்கு ஆளுக்கு 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். தோப்பு விவசாய நிலமாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. 1937 ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மை. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது.

எல்லாரும் சம்மதித்தால்? வீடு இளையவருக்கு. மாந்தோப்பின் 20 லட்சம் மட்டும் பங்காகும்: அம்மாவுக்கு இரண்டரை, மகன்களுக்கு ஏழேழு, மகளுக்கு மூன்றரை லட்சம்.

அம்மாவும் அண்ணனும் சரி என்கிறார்கள், அக்கா மட்டும் மாட்டேன் என்கிறார் என்றால் என்ன ஆகும்? இங்கேதான் ஃபிக்ஹின் நுட்பம். சம்மதித்தவரின் பங்கில் மட்டும் உயில் செல்லும். அக்காவுக்கு உயிலே இல்லாததுபோல் முழு 7 லட்சம். அம்மாவுக்கு இரண்டரை, அண்ணனுக்கு 7. மீதி இருபத்து மூன்றரை லட்சம் இளையவருக்கு. மூன்று பேரும் கூடி அக்காவின் பங்கில் ஒரு ரூபாயைக்கூடத் தொட முடியாது!

அத்தா உயிரோடு இருக்கும்போதே எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டால்? ஹனஃபி சட்டப்படி அது கணக்கில் வராது. அவர் கண் மூடிய பிறகுதான் யார் வாரிசு என்பதே உறுதியாகிறது. சம்மதமும் அதற்குப் பிறகே தர வேண்டும். அப்படித் தந்துவிட்டால் திரும்பப் பெறவும் முடியாது. இதே வீட்டில் வாரிசல்லாத ஒருவருக்கு, ஒரு மதரஸாவுக்கோ வளர்த்த பிள்ளைக்கோ, மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது ஏறக்குறைய பதின்மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் வரை, யாரையும் கேட்காமலே எழுதலாம். ஷியா சட்டத்தில் வாரிசுக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கு வரை மற்றவர் சம்மதம் இல்லாமலே எழுதலாம். இளைய மகனுக்கே வீட்டைத் தர விரும்பும் ஹனஃபி அத்தாவுக்கு இருக்கும் வழி, உயிருடன் இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து, அவன் ஏற்று, வீட்டை அவன் வசம் ஒப்படைத்துவிடுவது. சாவு நோயில் படுத்த பிறகு கொடுத்தால் அதையும் வஸிய்யத் கணக்கிலேயே சேர்ப்பார்கள். அப்போது அக்காவின் சம்மதம் மறுபடியும் வேண்டும்.