ரிவர்ஸ் போட்டால் கறுப்புத் திரை

பின்பக்கக் கேமரா வேலை செய்யவில்லை என்று போனால், அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது ஒன்றுதான்: "ரிவர்ஸ் போட்டா ஸ்கிரீன் மாறுதா, மாறலையா?" பாட்டோ மேப்போ ஓடிக்கொண்டிருந்த திரை அப்படியே இருக்கிறதா, அல்லது அதை விட்டுவிட்டுக் கறுப்பாகவோ நீலமாகவோ மாறி "No Signal" என்று காட்டுகிறதா? வண்டிக்காரர்களில் பலர் இதைக் கவனித்திருப்பதில்லை. ஆனால் கோளாறு காரின் முன்பக்கமா பின்பக்கமா என்பதை இந்த ஒரு பதில் கிட்டத்தட்டத் தீர்த்துவிடும்.

ரிவர்ஸ் கியர் விழுந்ததும் கியர்பாக்ஸில் இருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்று இணைகிறது. அதனால் பின்னால் இருக்கும் வெள்ளை ரிவர்ஸ் விளக்கு எரிகிறது. அதே தகவல் திரைக்கும் போகிறது. திரை கேமராவுக்கு மாறுகிறது. கேமராவுக்குக் கரண்ட் கிடைத்து, அது அனுப்பும் படம் ஒயர் வழியாக முன்னால் வந்து சேர்கிறது. ஆகவே திரை மாறவே இல்லை என்றால், ரிவர்ஸ் போட்ட செய்தி திரைக்கு எட்டவில்லை என்று பொருள். மாறியும் படம் இல்லை என்றால், செய்தி சரியாகத்தான் வந்திருக்கிறது. கேமராவிலோ, அதன் கரண்டிலோ, வரும் வழியிலோ கோளாறு. படம் வருகிறது, ஆனால் புகைமூட்டமாக இருக்கிறது என்றால் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாத மூட்டம் கேமராவுக்குள் தண்ணீர் இறங்கியதன் அடையாளம். அந்தக் கேமராவை மாற்றத்தான் வேண்டும்.

திரை மாறாத வண்டியில் அடுத்துப் பார்க்க வேண்டியது ரிவர்ஸ் விளக்கு. சுவரை ஒட்டி வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் போடுங்கள். சுவரில் வெள்ளை வெளிச்சம் விழுகிறதா? விழாவிட்டால் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அல்லது அந்தச் சுவிட்ச். விளக்கு இரண்டும் ஒரே நாளில் பியூஸாவது அபூர்வம். இந்தியாவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். ரிவர்ஸ் போட்டதும் அது 'பீப்' என்று குரல் கொடுத்தால் சுவிட்ச் சரியாக இருக்கிறது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம். கேமராவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் கம்பெனி கொடுத்ததும் இருக்கிறது, கடையில் மாட்டியதும் இருக்கிறது. ஒயர் போன வழி வண்டிக்கு வண்டி வேறுபடும்.

திரை மாறியும் படம் வராத கதைக்கு ஓர் உதாரணம். எங்கள் தெருவில் ஓர் ஆசிரியையின் ஹேட்ச்பேக் வண்டி, ஏழெட்டு வயது ஆனது. கேமரா படம் சில நாள் வரும், சில நாள் வராது. டிக்கிக் கதவை ஓங்கி அடித்துச் சாத்தினால் அன்றைக்கு வரும். கேமராவையே மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் இன்னொன்றையும் போகிறபோக்கில் சொன்னார்: நம்பர் பிளேட் விளக்கும் சரியாக எரிவதில்லையாம். எனக்கு அதுதான் பெரிய தடயமாகப் பட்டது. கேமராவும் நம்பர் பிளேட் விளக்கும் வேறு வேறு சர்க்யூட். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே கீல் பக்கம் வளைந்து தொங்கும் ரப்பர் குழாய்.

கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழாய்க்குள் இருக்கும் ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. சில வருடங்களில் மேலுறை வெடிக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கதவு ஒரு கோணத்தில் நிற்கும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொள்வதால் படம் வரும். சோதிப்பது எளிது. வண்டியை மேலே சொன்னபடி நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்து, ரிவர்ஸ் போட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். மற்றவர் கதவை மெல்ல மேலும் கீழும் அசைத்து, பிறகு குழாயை விரலால் பிடித்து அமுக்கி வளைக்கட்டும். திரை எந்த நொடியில் மின்னுகிறதோ அங்கேதான் கோளாறு.

அந்த வண்டியில் குழாயின் ஒரு முனையைக் கழற்றி விலக்கியபோது மூன்று ஒயர்களின் மேலுறை வெடித்திருந்தது. ஒன்று அறுந்தே போயிருந்தது. டேப் சுற்றிவிட்டால் ஒரு மாதம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அறுந்த இடத்திலேயே சால்டர் வைத்தாலும் பயனில்லை. சால்டர் பிடித்த இடம் விறைத்துப் போவதால் அதை ஒட்டி மறுபடி முறியும். கூரைக்குள் ஒன்று, கதவுக்குள் ஒன்று என இரண்டு பக்கமும் தள்ளி இணைப்பு வைத்து, வளையும் பகுதி முழுக்க இணைப்பில்லாத புது மிருதுவான ஒயர் வரும்படி மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியன் அப்படித்தான் செய்தார். கேமரா பழையதேதான், இன்னும் ஓடுகிறது. ஒன்று மட்டும் கவனம்: படம் வரும் ஒயர் பெரும்பாலும் மேலே வலை சுற்றிய கேபிளாக இருக்கும். அதைச் சாதாரண ஒயர் போல முறுக்கி இணைத்தால் படத்தில் கோடு ஓடும்.

கேமராவின் கப்ளரையும் ஒரு பார்வை பார்க்கலாம். மழைத் தண்ணீர் நம்பர் பிளேட்டுக்கு மேலே தேங்கி உள்ளே இறங்கும். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும். எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்துக் காயவிட்டு, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினாலே படம் திரும்பிய வண்டிகள் உண்டு. எலி கடித்த ஒயரும் நம் ஊரில் சாதாரணம்தான்.

திரையே எரியவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. அப்போது ஃபியூஸ் பெட்டியில் தொடங்கலாம். பல கார்களில் பெட்டி இரண்டு உண்டு, ஒன்று பேட்டரி அருகே, இன்னொன்று ஸ்டீரியங்குக்குக் கீழே. எது எதற்கு என்று மூடியின் உட்பக்கத்திலோ கையேட்டிலோ இருக்கும். திரைக்குக் கரண்ட் பொதுவாக இரண்டு வழியில் வருகிறது. ஒன்று எப்போதும் இருப்பது, நேரத்தையும் ரேடியோ நிலையங்களையும் நினைவில் வைக்க. மற்றொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் வருவது. முதலாவது அறுந்தால், சில திரைகள் எரியும். ஆனால் வண்டியை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஆரம்பத்திலிருந்து ஓடும். இரண்டாவது அறுந்தால் திரை எழாது.

இந்த இரண்டாவது ஃபியூஸை போன் சார்ஜ் போடும் 12 வோல்ட் சாக்கெட்டும் பல வண்டிகளில் பங்குபோட்டுக் கொள்கிறது. அதனால் திரை போன அன்றைக்குச் சாக்கெட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயமோ, மலிவான சார்ஜரின் முனையிலிருந்து கழன்ற உலோகத் துண்டோ கிடக்கலாம். அதை எடுக்காமல் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் போகும். சாவியை அணைத்துவிட்டு எடுத்த பிறகு, போனதைப் போலவே அதே அளவு ஃபியூஸைப் போடுங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள் என்று நிறத்திலேயே தெரியும். சிவப்பு நிற்கவில்லை என்று மஞ்சளைப் போடுவதும், கம்பியைச் சுற்றிவிடுவதும் ஆபத்தான வேலை. அப்படிச் செய்தால் அடுத்த முறை அறுந்துபோவது ஃபியூஸாக இருக்காது, டேஷ்போர்டுக்குள் ஒயர் கருகும்.

ஃபியூஸ் நன்றாக இருந்து, திரை உறைந்து நிற்கிறது அல்லது லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்றால் ரீசெட். பவர் பட்டனை பத்துப் பதினைந்து நொடி விடாமல் அழுத்தினால் பல திரைகள் அணைந்து மறுபடி எழும். சிலவற்றில் பட்டன் வேறு, கையேட்டில் இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பத்து நிமிடம் கழற்றி வைக்கலாம். அதற்கு முன் உங்கள் ஸ்டீரியோவுக்கு ரகசியக் குறியீடு வேண்டுமா என்று தெரிந்துகொள்ளுங்கள்; சில வண்டிகளில் குறியீடு தராமல் அது திரும்ப எழாது. பவர் விண்டோவுக்கும் மறுபடி பழக்க வேண்டியிருக்கலாம். கடையில் மாட்டிய ஆண்ட்ராய்ட் திரையில் எல்லா அமைப்புகளையும் அழிக்கும் ரீசெட் செய்தால் இன்னொரு வம்பும் வரும். கேமரா வகை மாறிப்போய், நல்ல கேமராவே கறுப்பாகக் காட்டும். அமைப்புகளில் AHD, CVBS என்று இருப்பதை மாற்றிப் பார்த்தால் படம் வந்துவிடும்.

ரீசெட் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் ஒரு வானொலி நிலையம் ஒலிபரப்போடு சேர்த்து அனுப்பிய படக் கோப்புகளில் பெயருக்குப் பின் வரும் நீட்டிப்பு விடுபட்டிருந்தது. அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான சில மாஸ்டா கார்களின் திரைகள் ஓயாமல் மறுதொடக்கம் ஆகி, அந்த நிலையத்திலேயே சிக்கிக்கொண்டன. வேறு நிலையத்துக்கு மாற்றவும் முடியவில்லை. கடைசியில் உள்ளே இருக்கும் யூனிட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

படம் தெளிவாக இருந்து, தொட்டால் மட்டும் கேட்கவில்லை என்றால் வெயிலில் நின்ற வண்டியா என்று பாருங்கள். குளிர்ந்ததும் சரியாகிறதா என்று கவனியுங்கள். மேலே ஒட்டிய ஷீட்டை உரித்துப் பாருங்கள். திரையின் ஒரு பட்டைப் பகுதி மட்டும் எப்போதும் செத்திருந்தால் தொடு கண்ணாடியே போய்விட்டது.

புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போனாலோ, கருகிய வாடை வந்தாலோ, ஏர்பேக் விளக்கு எரிந்தாலோ வீட்டில் கை வைப்பதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாலு பக்கமும் காட்டும் 360 டிகிரி கேமராவைக் கழற்றினால், தரையில் குறியிட்ட விரிப்பு விரித்து அளவு சரிசெய்ய வேண்டிவரும். அதுவும் ஒர்க்‌ஷாப் வேலை. உத்தரவாதம் பாக்கி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டிவிட்டுப் பிறகு கம்பெனியிடம் போனால் பேச்சு நீளும்.

ஒர்க்‌ஷாப்பில் கேமரா மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ரிவர்ஸ் போட்ட நிலையில், கேமராவின் கப்ளரில் மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? கடையில் மாட்டிய கேமராவுக்கு 12 வோல்ட் வர வேண்டும். கம்பெனி கேமராக்கள் சிலவற்றுக்குத் திரையிலிருந்தே 6 வோல்ட் அளவில்தான் போகும். சோதிக்கிறேன் என்று அதற்கு பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் நல்ல கேமராவும் கருகிவிடும். வர வேண்டிய அளவு வந்து, எர்த்தும் சரியாக இருந்து, படம் மட்டும் இல்லை என்றால், நல்ல கேமரா ஒன்றை அதே கப்ளரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் படம் வந்த பிறகு பில் போடட்டும்.