எத்தனை ஷேர் வாங்குவது?

கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மூன்றாமாண்டு மாணவன் ஒருவனின் கதை இது. பெயர் வேண்டாம். ரெண்டு வட்டிக்கு 50,000 ரூபாய் கடன் வாங்கி டிரேடிங் கணக்கில் போட்டான். மாதம் 1,000 ரூபாய் வட்டி.

இன்ட்ராடே வர்த்தகத்தில் கையிலிருக்கும் பணத்தைப் போல ஐந்து மடங்கு வரை வாங்கலாம். 400 ரூபாய்ப் பங்கு ஒன்றில் 625 வாங்கினான். பங்கு இறங்கியது 12 ரூபாய்தான், அதாவது மூன்றே சதவீதம். போனது 7,500 ரூபாய், முதலில் 15 சதவீதம். விட்டதைப் பிடிக்க மறுநாளும் முழு அளவில் இறங்கினான். கணக்கில் மிஞ்சியது 36,000.

விடுதி சீனியர் ஒருவர் அவன் கணக்கை வாங்கிப் பார்த்தார்.

"எதுக்குடா 625?"

"அவ்வளவுதான் வாங்க முடிஞ்சது அண்ணா."

"வாங்க முடியறதைப் பார்க்காதே. தப்பாப் போனா எவ்வளவு போகலாம்னு முதல்ல எழுது."

நோட்டில் கணக்குப் போட்டார்கள். ஒரு வர்த்தகத்தில் முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால் 360 ரூபாய். 400க்கு வாங்கும் பங்கு எந்த விலைக்கு வந்தால் நம் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வோம்? 392 என்றால் அங்கேதான் ஸ்டாப் லாஸ். இடைவெளி 8 ரூபாய். 360ஐ 8ஆல் வகுத்தால் 45 பங்கு. அதிகம் ஆடும் பங்குக்கு ஸ்டாப் லாஸ் 20 ரூபாய் தள்ளி இருந்தால் 18 பங்குதான். எண்ணிக்கை கடைசியில் வருகிறது. பெரும்பாலோர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இந்த அளவு லாபத்தைத் தராது. தொடர்ந்து ஐந்து முறை தோற்றாலும் முதலில் சுமார் 5 சதவீதம்தான் போகும் என்பதே இதன் பயன். ஒவ்வொரு முறையும் 15 சதவீதம் விட்டால், ஐந்தாவது தோல்விக்குள் பாதிக்கு மேல் காலி. இதிலும் ஓட்டை உண்டு. ராத்திரி கைவசம் வைத்த பங்கு காலையில் 385ல் திறந்தால் 392 ஸ்டாப் லாஸ் காப்பாற்றாது. 45 பங்குக்கு 675 ரூபாய் போய்விடும்.

இரண்டு வாரம் அவன் இந்த அளவிலேயே வாங்கி விற்றான். கணக்கு பெரிதாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வட்டித் தேதி நெருங்கியது. 36,000ஐ வைத்து மாதம் 1,000 கட்ட, முதலுக்குக் கிட்டத்தட்ட 3 சதவீதம் சம்பாதிக்க வேண்டும், அதுவும் மாதம் தவறாமல். 2022-23இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டதாக செபி ஆய்வு சொல்கிறது. 30 வயதுக்குட்பட்டவர்களில் அது 76 சதவீதம்.

அன்று காலை 45 என்று எழுதிய இடத்தில் 200 என்று திருத்த அவன் கை போனது. 200 பங்கு என்றால் ஒரே தோல்வியில் 1,600 ரூபாய். கடன் பணத்தின் உண்மையான ஆபத்து இதுதான்: சின்ன அளவுக்குத் தேவையான பொறுமையை வட்டி அனுமதிப்பதில்லை.

அந்த வாரமே 36,000ஐயும் எடுத்துக் கடன்காரரிடம் கட்டினான். பாக்கி 14,000. மாத வட்டி 280 ரூபாயாகக் குறைந்தது. அதையும் அசலையும் டியூஷன் எடுத்து அடைக்கிறான்.