ஆளும் வேலையும் – 14: சொன்னோமா? சொன்ன பிறகு என்ன ஆனது?

ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம் இருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவைப் பெரும்பாலான அலுவலகங்கள் கடைசி நாள் மாலை எடுக்கின்றன. அப்போது கையில் சான்று எதுவும் இருக்காது, அபிப்பிராயம்தான் இருக்கும். அப்படி எடுத்த முடிவு சரியாகவே அமைந்தாலும் அதை யாருக்கும் விளக்க முடியாது, வேலையை இழப்பவருக்கும்கூட. பல அலுவலகங்களில் பார்த்ததை ஒன்றாகச் சேர்த்து, இந்த வாரம் ஒரே ஒரு கோப்பைப் பிரித்துப் பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸ். வெளிநாட்டு பையருக்காகப் பின்னலாடை ஆர்டர்களைப் பின்தொடர்வது அதன் வேலை. ஜூனியர் மெர்ச்சண்டைசராக ஓர் இளைஞர் ஜனவரி 1 அன்று சேர்ந்தார். ஆறு மாத ப்ரொபேஷன், ஜூன் 30இல் முடிகிறது. ஜூன் முதல் வாரத்தில் ஹெச்.ஆர். அதிகாரி அவருடைய துறை மேலாளரிடம் கருத்துக் கேட்டார். “வேண்டாங்க மேடம். ஆர்வமே இல்லாத பையன். எல்லாத்தையும் கடைசி நேரத்துல சொல்றான்” என்று பதில் வந்தது.

இந்தப் பதிலை அப்படியே படிவத்தில் எழுதிக்கொள்ளக் கூடாது. ஆர்வத்தை யாரும் பார்க்க முடியாது, அதிலிருந்து விளைந்த செயலைத்தான் பார்க்க முடியும். எந்த ஆர்டர், எந்தத் தேதி, என்ன செய்தார், என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். இந்த அதிகாரி அப்படித்தான் கேட்டார். கேட்டதோடு நிற்காமல், அந்த இளைஞர் கையாண்ட ஆறு ஆர்டர்களின் டி அண்ட் ஏ அட்டவணையையும் எடுத்துவரச் சொன்னார். சாம்பிள் எப்போது போக வேண்டும், நிறத்துக்கு எப்போது ஒப்புதல் வர வேண்டும், உண்மையில் எப்போது வந்தது என்று ஒவ்வொரு கட்டமும் தேதியோடு அதில் இருக்கும். இதைவிட நம்பகமான சான்று கிடைப்பது அரிது. ஏனென்றால் அது யாரையும் எடைபோடுவதற்காக எழுதப்பட்டதல்ல, வேலை நடந்தபோதே வேலைக்காக எழுதப்பட்டது. முடிவு எடுத்துவிட்டு, அதற்குப் பொருத்தமாகப் பின்னால் எழுதிச் சேர்க்கும் குறிப்புகளுக்கு இந்த மதிப்பு கிடையாது.

அட்டவணையில் நான்கு இடங்களில் தாமதம் தெரிந்தது. அவற்றில் இரண்டு, சாய ஆலை அனுப்பிய லேப் டிப்பை பையர் திருப்பி அனுப்பியதால் வந்தவை. அதில் இவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மூன்றாவது பிப்ரவரியில் நடந்தது. பையர் திருத்தி அனுப்பிய அளவுத் தாளை விட்டுவிட்டுப் பழைய தாளை ஃபேக்டரிக்கு அனுப்பிவிட்டார். சாம்பிளை மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. இது ஐயத்துக்கு இடமில்லாத தவறு. நான்காவது மே மாதத்தில். லேபிள் வந்து சேரவில்லை என்பது பேக்கிங்குக்கு இரண்டு நாள் முன்புதான் மேலாளருக்குத் தெரிந்தது. மேலாளர் மனதில் பசுமையாக இருந்தது இதுதான். ஆறு மாதத்தின் தீர்ப்பைக் கடைசி ஐந்து வாரங்கள் எழுதிக்கொண்டிருந்தன.

அடுத்த கேள்வி, இந்தக் குறைகளை அவரிடம் சொன்னோமா என்பது. மார்ச் இறுதியில் நடந்த மூன்று மாத மதிப்பாய்வில் ஒரு குறிப்பு இருந்தது: அளவுத் தாளை அனுப்புமுன் அதன் தேதியைச் சரிபார்க்க வேண்டும், சீனியரின் கையெழுத்து பெற வேண்டும். அதன் பிறகு அனுப்பிய எல்லாத் தாள்களிலும் கையெழுத்து இருந்தது, தவறு திரும்பவில்லை. ஆக, பிப்ரவரித் தவறு அவருக்கு எதிரான சான்றல்ல. சொன்னால் திருத்திக்கொள்கிறார் என்பதற்கான சான்று அது. ஆனால் ‘கடைசி நேரத்தில் சொல்கிறார்’ என்ற குறையைப் பற்றி எங்கும் ஒரு வரி இல்லை.

1989இல் உச்ச நீதிமன்றம் சுமதி ஷெரே என்ற மருத்துவரின் வழக்கில் இதைத்தான் பேசியது. தற்காலிகமாகப் பணியில் இருந்த அவரை, வேலை திருப்தியில்லை என்று விலக்கியிருந்தார்கள். குறையை உரிய நேரத்தில் தெரிவித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தராமல் விலக்குவது தன்னிச்சையானது என்றது நீதிமன்றம். அது அரசுப் பணி வழக்கு, தனியார் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்த அளவுகோலை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளலாம் என்பதே என் உறுதியான கருத்து.

அந்த இளைஞருடன் பேச்சு ஜூன் இரண்டாவது வாரத்தில் நடந்தது. முதல் நாளே இரண்டு பக்கக் குறிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். நான்கு தாமதங்களும், மார்ச் குறிப்பும், அதன் பிறகு சரியாக நடந்தவையும் அதில் இருந்தன. முன்கூட்டியே கொடுப்பது சலுகை அல்ல. அறைக்குள் திடீரென்று தாளை நீட்டினால் யாருக்கும் நினைவு வேலை செய்யாது, மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரும்.

“இன்னும் முடிவு எடுக்கலைங்க. இதுல இருக்கிறது சரியா, ஏதாவது விட்டுப்போச்சான்னு நீங்க சொல்லணும். அதுக்கப்புறம்தான் முடிவு” என்று அதிகாரி தொடங்கினார். அது உண்மையாகவும் இருந்தது. முடிவை எடுத்து வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வது எதிரில் இருப்பவரை ஏமாற்றுவது.

லேபிள் விஷயத்துக்கு வந்ததும் இளைஞர் தயங்கினார். “பத்து நாள் முன்னாடியே சீனியர்கிட்ட சொன்னேங்க மேடம். ‘சப்ளையர் அனுப்பிருவாரு, மேல சொல்லி டென்ஷன் பண்ணாதீங்க’ன்னாங்க.” அவர் சொன்னதை அப்படியே நம்பவும் இல்லை, தட்டவும் இல்லை. “அந்த மெசேஜ் இருக்குங்களா?” என்று மட்டும் அதிகாரி கேட்டார். இருந்தது. வாட்ஸ்அப்பில் தேதியோடு இருந்தது. சீனியரைத் தனியே அழைத்துக் கேட்டபோது அவரும் ஒப்புக்கொண்டார்.

மேலாளர் இப்போது வேறொரு வழி சொன்னார்: “எதுக்கும் மூணு மாசம் நீட்டிச்சுப் பார்க்கலாமே.” நீட்டிப்பு எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த மூன்று மாதம் எந்தக் கேள்விக்கு விடை தரும் என்று எழுத முடிந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. நீண்ட விடுப்பில் போனவர், கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் நாள் கழிந்தவர் என்றால் எழுத முடியும். இங்கே எழுத ஒன்றும் இல்லை.

சட்டத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் பணிபுரிந்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ இல்லாமல் விலக்க முடியாது. பிரிவில் ப்ரொபேஷன் என்று தனி விலக்கு ஏதும் எழுதப்படவில்லை. அதனால் நீட்டிப்புக் கடிதம் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி தள்ளிப்போகும் என்று நினைப்பது தவறு.

அந்த இளைஞரை உறுதிசெய்தார்கள். கடிதத்தோடு ஒரு பணிக்குறிப்பும் போனது: பொருள் எதுவும் அட்டவணைத் தேதியைத் தாண்டினால், அன்றே சீனியருக்கும் மேலாளருக்கும் ஒரே மெயிலில் தெரிவிக்க வேண்டும். சீனியருக்கும் அதே குறிப்பு தரப்பட்டது.

கோப்பு வேறு மாதிரியும் இருந்திருக்கலாம். மார்ச்சில் எழுத்தில் சொன்ன பிறகும் ஏப்ரலில் ஒருமுறை, மே மாதத்தில் ஒருமுறை பழைய அளவுத் தாளே போயிருந்தால், கேட்டபோது ஏற்கத்தக்க விளக்கமும் இல்லாதிருந்தால், உறுதிசெய்யாமல் விடுவதே சரி. ஆள் நல்லவர் என்பதற்காகத் தள்ளிப்போடுவது அவருக்கும் நல்லதல்ல. ஆறு மாதத்தில் வேறு வேலை தேடியிருக்க வேண்டியவரை, இரண்டு ஆண்டு கழித்து அதே காரணத்துக்காக அனுப்ப நேரும்.

அப்போது பேச்சில் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கடிதத்தில் சுருக்கமாக எழுத வேண்டும்: தகுதிகாண் காலத்தில் எதிர்பார்த்த பணித்தரம் எட்டப்படவில்லை, இன்ன தேதியோடு பணி முடிகிறது, கணக்கு இன்ன நாளில் தீர்க்கப்படும். நேர்மையற்றவர், பொறுப்பற்றவர் என்ற சொற்கள் அதில் வரக் கூடாது. நேர்மையில் ஐயம் இருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை. குற்றம் இன்னதென்று சொல்லி, விசாரித்து, அவர் பதிலைக் கேட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்க ப்ரொபேஷனைத் திரையாகப் பிடித்தால் நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்க்கும். 1999இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிதத்தோடு நிற்கவில்லை. கடிதம் சுட்டிய மற்ற ஆவணங்களில் களங்கம் கற்பிக்கும் சொற்கள் இருந்தாலும் அது களங்கமே என்றது. அதனால் உள்கோப்பில் எழுதும் மதிப்பீட்டையும், அது ஒருநாள் அவர் கைக்கே போய்ச் சேரும் என்று எண்ணித்தான் எழுத வேண்டும்.